ஒன்றுக்கு நாள் கணக்கு, மற்றொன்றுக்கு வாரக் கணக்கு: உயிரியலும் ஏ மேத்ஸும் ஒரே மாலையில்

பின்னணி

சிங்கப்பூரின் வடக்கு வட்டாரத்தில் வார இறுதிகளில் உயர்நிலை மாணவர்களுக்குத் துணைப்பாடம் எடுக்கிறேன். முக்கியமாகக் கணிதம். கேட்டால் உயிரியலும் பார்ப்பேன். இங்கே எழுதுவது ஒரு மாணவியின் கதை. உயர்நிலை நான்கில், சாதாரண நிலைத் தேர்வு எழுதும் ஆண்டின் மார்ச் மாதத்தில் வந்தாள். மறு ஆண்டு ஜனவரியில் முடிவு வந்தது. அந்தப் பத்து மாதங்களில் நான் எடுத்த முடிவுகளில் ஒன்று தவறு, இன்னொன்று அரைகுறை. அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் நான்கறை அடுக்குமாடி வீடு. அப்பாவுக்கு ஷிப்ட் வேலை, அம்மா மாலை ஏழுக்குத்தான் வீடு திரும்புவார். தம்பியும் அவளும் ஒரே அறையில். கூடத்தில் பாட்டியும் தொலைக்காட்சியும். பள்ளி காலை ஏழரைக்குத் தொடங்கும். சாதாரண நாள்களில் மூன்று மணிக்கு வீட்டில் இருப்பாள். இணைப்பாட நடவடிக்கை உள்ள செவ்வாய், வியாழனில் வீடு வந்து சேர ஆறரை ஆகிவிடும்.

முதல் தவணை மதிப்பீட்டில் உயிரியலில் 30க்கு 14, ஏ மேத்ஸ் என்று சொல்லும் கூடுதல் கணிதத்தில் 30க்கு 9. முதல் சந்திப்பில் அம்மா சொன்னது இது: "டீச்சர், இவ சும்மா இருக்கற பிள்ளை இல்ல. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் மேசையிலதான் உட்கார்ந்திருக்கா. அப்புறமும் ஏன் இப்படி?"

அந்தக் கேள்வி நியாயமானது. உழைப்பு குறைவு என்று சொல்ல இடமே இல்லை.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் பார்த்தது

மார்ச் விடுமுறை முடிந்த முதல் வாரம், வழக்கம்போலப் படிக்கச் சொன்னேன். ஒரே ஒரு நிபந்தனை: கால் மணிக்கு ஒருமுறை என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். இதைச் செய்யச் சொன்னால் பிள்ளைகள் முதல் இரண்டு நாள் அழகுபடுத்தி எழுதுவார்கள். மூன்றாம் நாள் சலிப்பில் உண்மை வந்துவிடும்.

வந்த உண்மை இதுதான். நான்கு மணியிலிருந்து ஆறரை வரை உயிரியல். பாடநூலைத் திறந்து வைத்து, நான்கு நிறப் பேனாக்களால் குறிப்பு எழுதுவது. எட்டரைக்குப் பள்ளி வீட்டுப்பாடம். ஒன்பதே முக்காலுக்கு மேல் ஏ மேத்ஸ், பதினொன்றேகால் வரை. உயிரியலை முதலில் வைத்ததற்குக் காரணம் கேட்டேன். "அது நிறைய இருக்கு டீச்சர், முதல்ல முடிச்சிடலாம்னு." ஏ மேத்ஸைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது: பயம்.

அந்த வாரம் 23 கணக்குகள் "முடித்திருந்தாள்". அவற்றில் 16க்கு விடைவழியைத் திறந்திருக்கிறாள், அதுவும் நான்கைந்து நிமிடத்துக்குள். திறந்து, படித்து, "ஆமா, சரிதான்" என்று தலையாட்டி, தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள். நோட்டைப் பார்த்தால் எல்லாம் முழுதாக, அழகாக இருக்கும்.

உயிரியல் எப்படி என்று பார்க்க, சிறுநீரகப் பாடத்தைக் குறிப்பெழுதிய மறுநாள் ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்தேன். நினைவில் இருப்பதை எழுது, புத்தகம் கிடையாது. அவள் குறிப்பில் 18 கருத்துகள் இருந்தன. தாளில் 6 வந்தன. இரண்டரை மணி நேர வேலை ஒரே இரவில் அந்த அளவுக்குக் கரைந்திருந்தது. குறிப்பு எழுதும்போது புத்தகம் திறந்திருக்கிறது, கண் பார்க்கிறது, கை எழுதுகிறது. நினைவிலிருந்து எதையும் எடுக்க வேண்டிய தேவையே அங்கே வருவதில்லை.

ஏ மேத்ஸிலும் ஒரு சின்ன சோதனை. (1 − cos 2A) / sin 2A = tan A என்று நிரூபிக்க வேண்டும். அவளுக்கு cos 2A-இன் மூன்று வடிவங்களும் மனப்பாடம். கடகடவென ஒப்பித்தாள். ஆனால் கணக்கில் முதல் வடிவமான cos²A − sin²A-ஐப் போட்டு, கீழே sin 2A-ஐ அப்படியே விட்டு, ஒரு பக்கம் முழுக்கச் சுற்றினாள். மேலே ஒரு 1 நிற்கிறது, அதை அடித்துத் தள்ள 1 − 2 sin²A வேண்டும் என்பது தோன்றவில்லை. அதைப் போட்டால் மேலே 2 sin²A, கீழே 2 sin A cos A. இரண்டு வரியில் tan A வந்துவிடும்.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த மூன்று வடிவங்களும் தேர்வுத் தாளின் முதல் பக்கங்களிலுள்ள சூத்திரப் பட்டியலிலேயே அச்சாகியிருக்கும். அவள் அவற்றை அட்டைகளில் எழுதி ஒரு மாதம் உருப்போட்டிருக்கிறாள். பட்டியலில் இல்லாத வகையிடல் சூத்திரங்களுக்கு அட்டையே இல்லை.

ஆக, ஏ மேத்ஸை மனப்பாடப் பாடம்போலவும், உயிரியலைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும் என்ற பாடம்போலவும் நடத்திக்கொண்டிருந்தாள். நேரப் பங்கீட்டில் கோளாறு உண்டுதான். ஆனால் கடிகாரத்தை மட்டும் மாற்றியிருந்தால் இந்தக் குழப்பம் அப்படியே வேறு நேரத்துக்கு இடம்பெயர்ந்திருக்கும்.

முதல் திட்டம், என் தவறு

ஒரே பாடத்தை இரண்டரை மணி நேரம் உருட்டுவதுதான் பிரச்சினை என்று நான் நினைத்தேன். மாலை நான்கிலிருந்து அரைமணி ஏ மேத்ஸ், அரைமணி உயிரியல், மறுபடி ஏ மேத்ஸ், மறுபடி உயிரியல் என்று மாற்றி மாற்றிப் போட்டுக் கொடுத்தேன். காகிதத்தில் பார்க்கச் சமநிலையாக இருந்தது. இரண்டு வாரம் ஓடியது.

உயிரியல் பக்கம் உண்மையிலேயே தேறியது. அரைமணித் துண்டில் இரண்டு பக்கம் படித்து, மூடி, எழுதிப் பார்ப்பது அவளுக்குப் பிடித்தும் போனது. ஏ மேத்ஸ் பக்கம் இரண்டு விஷயம் நடந்தது. முதலாவது, கணக்கின் பிடி கிடைக்கும் நேரத்தில் கடிகாரம் அடிக்கும். அரைமணி கழித்துத் திரும்பி வந்தால், எங்கே விட்டோம், இந்த வரியை ஏன் எழுதினோம் என்று கண்டுபிடிக்கவே பத்து நிமிடம். இரண்டாவதை நான் கவனிக்கத் தாமதமாகிவிட்டது: அவள் அரைமணிக்குள் முடியக்கூடிய கணக்குகளாகப் பொறுக்கத் தொடங்கியிருந்தாள். எட்டு மதிப்பெண் கணக்குகள் எல்லாம் "சனிக்கிழமை டீச்சர்கிட்ட கேட்கணும்" என்ற தலைப்புக்குக் கீழே போய்ச் சேர்ந்தன. இரண்டாவது சனிக்கிழமை அந்தப் பட்டியலில் 11 கணக்குகள். அதைப் பார்த்த பிறகுதான் திட்டம் தோற்றது என்று ஒத்துக்கொண்டேன்.

நான் குழப்பிக்கொண்டது எங்கே என்றும் சொல்ல வேண்டும். ஏ மேத்ஸில் பல தலைப்புக் கணக்குகளைக் கலந்து செய்வது நல்லது என்பது சரியான செய்தி. அதற்கும், ஒரு கணக்கின் நடுவில் எழுந்து சிறுநீரகத்துக்குப் போவதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டும் "மாற்றி மாற்றிச் செய்வது" என்ற ஒரே பெயரில் என் தலையில் உட்கார்ந்திருந்தன.

இரண்டாம் திட்டம்: இரண்டுக்கும் வேறு அளவுகோல்

ஏப்ரல் முதல் வாரத்தில் மாற்றியமைத்தோம். அடிப்படை இதுதான். மனப்பாடச் செய்தி மறப்பது நாள் கணக்கில் நடக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இல் தன்னையே சோதித்து எழுதியது அதைத்தான்: மறதி முதல் ஒரு நாளுக்குள் வேகமாக நடக்கிறது, அப்புறம் மெதுவாகிறது. அதனால் உயிரியலுக்குத் தேவை நீண்ட நேரம் அல்ல. அடுத்தடுத்த நாள்களில் திரும்பத் திரும்ப வருவதுதான். ஏ மேத்ஸ் அப்படியல்ல. ஒருநாள் செய்யாவிட்டால் பெரிதாக ஒன்றும் போய்விடாது. ஆனால் உட்கார்ந்தால் இடையூறில்லாமல், முட்டிக்கொண்டு நிற்கவும் நேரம் வேண்டும். ஆகவே உயிரியலை நாள்தோறும் கணக்கு வைப்பது, ஏ மேத்ஸை வாரத்துக்கு இத்தனை கணக்குகள் என்று வைப்பது என்று முடிவு செய்தோம்.

ஏ மேத்ஸுக்குத் திங்கள், புதன், வெள்ளியில் மாலை 4.15 முதல் 5.30 வரை ஒரே மூச்சில் 75 நிமிடம். தூங்கி எழுந்து, தேநீர் குடித்து, தம்பி கீழே விளையாடப் போயிருக்கும் நேரம். நான்கு கணக்குகள். சனிக்கிழமை என்னிடம் இரண்டு. வாரத்துக்கு 14. முன்பு செய்த 23ஐவிட இது குறைவு என்று அம்மா கவலைப்பட்டார். 14ஐயும் அவளே செய்வாள் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

விடைவழி விஷயத்தில் ஒரு விதி. 15 நிமிடம் வரை திறக்கக் கூடாது. திறக்கும் முன் "இதை முயன்றேன், இங்கே நின்றுவிட்டது" என்று ஒரு வரி எழுத வேண்டும். திறந்தாலும் முதல் வரியை மட்டும் பார்த்து, மற்றதை அட்டையால் மறைத்துவிட்டு, அங்கிருந்து தானே போக வேண்டும். அப்படிப் பார்த்துச் செய்த கணக்கு இரண்டு நாள் கழித்து வெற்றுத் தாளில் திரும்ப வரும். அப்போதும் முடியாவிட்டால் சனிக்கிழமைக்கு.

அந்த ஒரு வரிதான் எனக்கு மிகப் பயன்பட்டது. ஏப்ரல் மாத வரிகளைச் சேர்த்துப் படித்தபோது, பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருந்தன: "எந்த ஃபார்முலா போடணும்னு தெரியல". ஃபார்முலா தெரியவில்லை என்று ஒன்றுகூட இல்லை. 3 cos θ + 4 sin θ = 2 போன்ற கணக்கில் மட்டும் வேறு வகைப் பிழை. 5 cos (θ − 53.1°) = 2 வரை சரியாக வருவாள். 66.4° என்று எடுத்து θ = 119.6° என்று முதல் விடையையும் எழுதுவாள். இரண்டாவது விடைக்கு 360°-இலிருந்து 119.6°-ஐக் கழித்துவிடுவாள். கழிக்க வேண்டியது 66.4°-ஐ, 53.1°-ஐக் கூட்டுவது அதற்கப்புறம். அப்படிச் செய்தால் 346.7° வரும். இது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் வழுக்கல். சொல்லிக்கொடுத்து இரண்டு முறை செய்ததும் போய்விட்டது. "எதைப் போடுவது" என்ற முதல் வகைக்குத்தான் அப்படி ஒரு குறுக்குவழி இல்லை.

உயிரியலுக்கு மூன்று சிறு இடங்கள். இரவு எட்டரைக்கு 20 நிமிடம் புதுத் துண்டு: ஒரு பாடத்தின் ஒன்றிரண்டு பக்கம். படித்து, மூடி, அதிலிருந்து நான்கைந்து கேள்விகளை ஒரு அட்டையில் எழுதுவாள். பதில் எழுதக் கூடாது. தூங்கும் முன் 15 நிமிடமும், காலையில் பேருந்தில் 10 நிமிடமும் பழைய அட்டைகள். ஒவ்வொரு அட்டையும் எழுதிய மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்று வாரம் கழித்து என்று நான்கு முறை திரும்ப வரும். தேதிகளை அட்டையின் மூலையில் பென்சிலால் குறித்துவிடுவாள். இதை நாங்கள் மறுகேள்வி என்று சொல்லிக்கொண்டோம்.

உயிரியல் விடைகளில் சொல் முக்கியம். சவ்வூடு பரவலைப் பற்றி எழுதினால் நெட் மூவ்மென்ட், வாட்டர் பொட்டென்ஷியல், பார்ஷியலி பெர்மியபிள் மெம்பிரேன் என்ற சொற்கள் வந்தாக வேண்டும். "தண்ணி நிறைய இருக்கற இடத்திலேர்ந்து கம்மியா இருக்கற இடத்துக்குப் போகும்" என்று புரிந்திருப்பது மட்டும் மதிப்பெண் தராது. ஆகவே அட்டைக்குப் பதில் சொல்வதில் இரண்டு படி. முதலில் என்ன நடக்கிறது என்று சொல்வது. இதற்குப் பாட்டிதான் ஆள். இரத்தத்தில் நீர் குறைந்தால் ஹைபோதலமஸ் உணரும், பிட்யூட்டரி சுரப்பி ஏடிஎச் ஹார்மோனை அதிகம் விடும், சேகரிப்பு நாளத்தின் சுவர் நீரை அதிகம் விடும், நீர் இரத்தத்துக்குத் திரும்பும், சிறுநீர் குறைவாகவும் அடர்த்தியாகவும் வரும் என்று தமிழில் பாட்டியிடம் சொல்லுவாள். பாட்டி இடையில் "அப்போ நான் தண்ணி குடிக்காட்டி?" என்று கேட்பார். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அந்தக் கேள்வியில் தெரிந்துவிடும். இரண்டாவது படி, அதே பதிலை ஆங்கிலத்தில், சரியான சொற்களோடு ஒரு முறை எழுதுவது. பாட்டியிடம் அருமையாகச் சொல்லிவிட்டு இந்த இரண்டாம் படியைத் தவிர்த்த நாள்களில், பள்ளிச் சோதனையில் மதிப்பெண் போனது.

செவ்வாய், வியாழனில் ஆறரைக்கு வந்தால் புதுக் கணக்கு கிடையாது. முன்பு பார்த்துச் செய்த ஒன்றிரண்டைத் திரும்பச் செய்தால் போதும். மறுகேள்வி மட்டும் அன்றும் உண்டு. களைத்த நாளில் எதை விடலாம், எதை விடக் கூடாது என்பதைப் பிள்ளை அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே எழுதி ஒட்டினோம்.

மே: அட்டைகள் குவிந்தன

இரண்டாம் தவணை மதிப்பீட்டில் உயிரியல் 30க்கு 19. ஏ மேத்ஸ் 11தான். அட்டை முறை கைகொடுக்கிறது என்ற உற்சாகத்தில், என்னைக் கேட்காமல் நாளுக்கு இரண்டு புதுத் துண்டு என்று ஏற்றிவிட்டாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளைவு தெரியும். வாரத்துக்கு ஐந்து புதிய அட்டை, ஒவ்வொன்றும் நான்கு முறை திரும்பும் என்றால் வாரத்துக்கு 20 மறுகேள்விகள், நாளுக்குச் சராசரி மூன்று. ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றால் 15 நிமிடம். கையிலிருக்கும் 25 நிமிடத்தில் அடங்கும், தவறியவற்றைத் திரும்பப் பார்க்கவும் இடமிருக்கும். அட்டை இரட்டித்தால் நாளுக்கு ஆறு, அரைமணி. அடங்காது. அடங்காதவை மறுநாளுக்குப் போகும். தாமதமாகப் பார்த்த அட்டைக்குப் பதில் மறந்திருக்கும், அதனால் அது முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கும், குவியல் இன்னும் ஏறும்.

வெளியே தெரிந்த அடையாளம் என்னவென்றால், மே மூன்றாம் வாரம் அட்டைகளின் மூலையில் தேதிகளே இல்லை. கேட்டேன். "எழுதினா எத்தனை பாக்கின்னு தெரியும் டீச்சர்." பையில் 41 அட்டை பாக்கி. அது மட்டுமில்லை, இரவு மறுகேள்வி ஒரு மணி நேரமாக நீண்டு, தூக்கம் குறைந்து, மாலை நான்கேகாலுக்கு ஏ மேத்ஸில் உட்காரும்போது கண் சொருகியது. ஒரு பாடத்தின் கடனை மற்றொன்று கட்டிக்கொண்டிருந்தது.

ஒரு விதி சேர்த்தோம்: அன்றைய மறுகேள்வி முடியாவிட்டால் அன்று புதுத் துண்டு கிடையாது. 41இல், மூன்று முறை சரியாகச் சொன்னவற்றை ஒதுக்கிவைத்து, மீதியை இரண்டு வாரத்தில் தீர்த்தோம்.

வேதியியல் 20இலிருந்து 15க்கு இறங்கியதும் அந்த மே மாதத்தில்தான். நான் இரண்டு பாடத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் பார்வைக்கு வந்ததே ஜூனில்.

ஜூன் விடுமுறை: பாடங்களின் எல்லை

நான்கு வார விடுமுறையில் இணைப்பாட நடவடிக்கை இல்லை. இப்போதுதான் ஏ மேத்ஸில் தலைப்புகளைக் கலந்தேன். அதுவரை அவள் செய்த பயிற்சித்தாள்களில் மேலே "டிரிகோனோமெட்ரி" என்றோ "பார்ஷியல் ஃபிராக்ஷன்ஸ்" என்றோ எழுதியிருக்கும். எதைப் போடுவது என்ற முடிவைத் தலைப்பே எடுத்துக் கொடுத்துவிடும். தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது. ஏப்ரலில் அவள் எழுதிய "எந்த ஃபார்முலா போடணும்னு தெரியல" என்பதற்கு நேரான பயிற்சி இதுதான்.

முதல் கலப்புத் தாளில் 10க்கு 4. தலைப்புவாரியாக 8 எடுத்துக்கொண்டிருந்தவள். அம்மா அன்றிரவே அழைத்தார்: "டீச்சர், முன்னாடி செஞ்சதுதானே நல்லா இருந்துச்சு?" இந்த இறக்கம் எதிர்பார்த்தது என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கலந்து செய்யும்போது அன்றைய மதிப்பெண் குறைவதும், பிற்பாடு வைக்கும் சோதனையில் கூடுவதும் கணிதப் பயிற்சி பற்றிய ஆய்வுகளில் தெரிந்த செய்திதான். விடுமுறை முடியும்போது 7 ஆனது.

கலப்புத் தாளுக்கு ஒரு துணைப்பயிற்சியும் வைத்தேன். பத்துக் கணக்கைச் செய்யாமல், ஒவ்வொன்றுக்கும் முதல் வரி மட்டும் எழுதி, ஏன் அது என்று வாயால் சொல்வது. 15 நிமிடம் போதும். களைத்த நாளுக்கும் பொருந்தியது.

உயிரியலில் எதிர்த் திசையில் ஒரு சிக்கல் தெரிந்தது. அட்டைக் கேள்விகளுக்கு நன்றாகச் சொல்பவள், வரைபடமோ அட்டவணையோ கொடுத்து விளக்கச் சொன்னால் தடுமாறினாள். ஒளிச்சேர்க்கை வேகம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாமல் தட்டையாகும் வரைபடம். ஒளி அதிகமானால் வேகம் கூடும் என்ற மனப்பாட வரியை எழுதினாள். தட்டையான பகுதியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அங்கே ஒளி போதுமானதாகிவிட்டது, கார்பன் டை ஆக்சைடோ வெப்பநிலையோதான் தடை என்று சொல்ல வேண்டும். செய்தி அவளுக்குத் தெரியும். இந்தக் கோட்டுக்கு அந்தச் செய்தி பொருந்தும் என்பது தெரியவில்லை. cos 2A கதையேதான்.

ஆக, உயிரியலின் தரவுக் கேள்விகளைச் சனிக்கிழமை ஏ மேத்ஸ் மாதிரி, இடைவெளியில்லாத 40 நிமிடத்தில் செய்ய வைத்தோம். எதிர்ப்பக்கமாக, சூத்திரப் பட்டியலில் இல்லாத ஏ மேத்ஸ் செய்திகளுக்கு 12 அட்டைகள் எழுதி உயிரியல் மறுகேள்விக் கட்டில் செருகினோம்: sin x, tan x, ln x ஆகியவற்றின் வகையீடு, 3 cos θ + 4 sin θ-ஐ 5 cos (θ − 53.1°) ஆக்கும் ஆர் ஃபார்முலா போன்றவை. பட்டியலில் இருப்பவற்றின் அட்டைகளைத் தூக்கிப் போட்டோம். அட்டவணையில் "உயிரியல்", "ஏ மேத்ஸ்" என்ற பெயர்களை அழித்து "மறுகேள்வி", "முட்டல்" என்று அவளே எழுதிக்கொண்டாள்.

முன்னோட்டத் தேர்வும் அதற்குப் பிறகும்

முன்னோட்டத் தேர்வில் உயிரியல் 66, அதாவது பி3. ஏ மேத்ஸ் 53, சி6. ஏ மேத்ஸ் தாளைத் திருப்பிப் பார்த்தபோது, செய்த கணக்குகள் பெரும்பாலும் சரி. முதல் தாளில் கடைசி இரண்டு கணக்குகளைத் தொடவே இல்லை. அதற்கு என் 15 நிமிட விதிக்கும் பங்குண்டு. தாள் ஒன்றுக்கு இரண்டேகால் மணி, 90 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். நான்கு மதிப்பெண் கணக்கில் 15 நிமிடம் நிற்கப் பழகியவள் தேர்விலும் அப்படியே நின்றாள். கற்றுக்கொள்ளும் காலத்துக்கான விதியைத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே நான் கழற்றியிருக்க வேண்டும்.

செப்டம்பரிலிருந்து வாரத்தில் ஒரு 75 நிமிடத்தை மாற்றினோம். 50 மதிப்பெண் அளவுக்குக் கலப்புக் கணக்குகள். மதிப்பெண்ணை ஒன்றரையால் பெருக்கி வரும் நிமிடத்துக்குள் முடியாவிட்டால் கோடு போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். மற்ற இரண்டு நாளும் பழைய விதியே. உயிரியலில் அக்டோபருக்குப் பிறகு புதுத் துண்டே கிடையாது. மறுகேள்வியும் தரவுக் கேள்வியும் மட்டும். தேர்வுக் காலத்தின் நடுவில் தீபாவளி வந்தது. அன்று காலை பேருந்து இல்லாததால் 10 நிமிட மறுகேள்வியைக் கோயிலுக்குப் போகும் காரில் அப்பா கேட்டாராம்.

ஜனவரியில் முடிவு: உயிரியல் ஏ2, ஏ மேத்ஸ் பி4, வேதியியல் சி5. வேதியியல் திரும்ப எழவில்லை. ஏ2வையும் பி4ஐயும் முழுதாக இந்த அட்டவணையின் கணக்கில் எழுத முடியாது. பள்ளியிலும் அந்த மாதங்களில் தீவிரமாகத் திருப்புதல் நடந்தது. இணைப்பாட நடவடிக்கை மேயில் முடிந்து இரண்டு மாலைகள் கிடைத்தன. ஆனால் ஒரு வித்தியாசத்தை அட்டவணைக்குத்தான் கொடுக்கிறேன். மார்ச்சில் பதினொன்றேகால் வரை உட்கார்ந்தவள், ஜூலைக்குப் பிறகு பத்தரைக்குப் படுத்தாள்.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

இதற்குப் பிறகு வந்த மாணவர்களிடம் சிலவற்றை மாற்றிவிட்டேன். முதல் வாரக் குறிப்பை எல்லாப் பாடத்துக்கும் கேட்கிறேன். இரண்டு பாடத்துக்கு நேரம் ஒதுக்கும்போது அதை வேறு எந்தப் பாடத்திலிருந்து எடுக்கிறோம் என்று அம்மா அப்பாவின் முன்னிலையிலேயே எழுதிக்கொள்கிறேன். கலப்புத் தாளை ஏப்ரலிலேயே வாரத்துக்கு ஒன்று என்று தொடங்குகிறேன். மதிப்பெண் இறங்கும் என்று அதற்கு முந்தைய சனிக்கிழமையே வீட்டுக்குச் சொல்லிவிடுகிறேன். அட்டைகளைப் பையோடு கொண்டுவரச் சொல்லி, மூலையில் தேதி இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன்.

ஒன்றுக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. இணைப்பாட நடவடிக்கை வாரத்தில் மூன்று நாள் இருக்கும் உயர்நிலை மூன்று மாணவர்களுக்கு, 75 நிமிடம் தொடர்ச்சியாக வாரநாளில் கிடைப்பதே இல்லை. இப்போது ஒரு பையனுக்கு ஞாயிறு காலை இரண்டு 75 நிமிடம், நடுவில் அரைமணி இடைவெளி என்று போட்டிருக்கிறேன். இரண்டாவது 75இல் அவன் எழுதும் "இங்கே நின்றுவிட்டது" வரிகள் வரவரச் சுருங்குகின்றன. போன வாரம் வெறும் "நின்றுவிட்டது" என்றுதான் இருந்தது.